இரண்டு வருஷம் மலை ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன் என்று எழுதித் தரணும்: ஸ்காலர்ஷிப் கட்டுரை, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க

நத்தம்பொண்ணு (செவ்வாய், மாலை 6:12)

எல்லாருக்கும் வணக்கம். இப்பதான் பிளஸ் டூ முடிச்சிருக்கேன். பி.எஸ்சி நர்சிங் சேரப் போறேன். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுறார், தம்பி எட்டாவது. ஃபீஸ் கட்ட வழியில்ல. ஒரு டிரஸ்ட் நாலு வருஷத்துக்கும் ஃபீஸ், ஹாஸ்டல், யூனிபார்ம் எல்லாம் கட்டுறாங்க. வருஷத்துக்கு 1,10,000 வரை. பதிலுக்கு, படிச்சு முடிச்சதும் அவங்க மலையில நடத்துற ஆஸ்பத்திரியிலயோ அதோட கிளைகள்லயோ 2 வருஷம் வேலை பார்க்கணும். மாசம் 14,000 சம்பளம், ரூம் இலவசம். நடுவுல போனா செலவழிச்ச பணம் முழுசும், கூட ஒரு லட்சமும் கட்டணும்னு பாண்டுல இருக்கு.

விண்ணப்பத்தோட ஒரு கட்டுரை கேட்கிறாங்க. "பட்டம் பெற்றபின் தேவைப்படும் இடத்தில் பணிபுரிய ஏன் சம்மதிக்கிறீர்கள்?" 500 வார்த்தைக்குள்ள, தமிழ்லயே எழுதலாம். நான் எழுதினதோட ஆரம்பம் இது:

"சிறு வயது முதலே செவிலியராக வேண்டும் என்ற லட்சியத்தோடு வாழ்ந்து வருகிறேன். மக்கள் சேவையே மகேசன் சேவை. கிராமங்களே நம் நாட்டின் முதுகெலும்பு. அறியாமை இருளில் வாடும் மலைவாழ் மக்களுக்கு ஒளியாக இருக்க விரும்புகிறேன். தாங்கள் எங்கு அனுப்பினாலும், எத்தனை ஆண்டுகள் ஆனாலும், எந்தத் தயக்கமும் இன்றிப் பணியாற்றுவேன் என்று உறுதி கூறுகிறேன்…"

இப்படியே ரெண்டு பக்கம் போகுது. தமிழ் மிஸ் நல்லா இருக்குன்னாங்க. போதுமா? கடைசித் தேதிக்கு இன்னும் 12 நாள் இருக்கு.

சேலம்அப்பா (இரவு 7:40)

அம்மா, இந்த பாண்டு விஷயத்துல நான் பட்டது போதும். என் பையன் அரசு காலேஜ்ல எம்.டி. முடிச்சான். அவனையும் கையெழுத்து வாங்கித்தான் சேர்த்தாங்க. முடிச்ச பிறகு போஸ்டிங் எப்ப வரும்னு தெரியாம வீட்ல உட்கார்ந்திருந்தான். தனியார்ல சேரவும் முடியல. அதனால எந்த டிபார்ட்மென்ட்ல சீட் எடுக்கிறீங்கன்னு கவுன்சலிங்லயே யோசிச்சு எடுங்க. கட்டுரையெல்லாம் யாரும் படிக்க மாட்டாங்க, ரேங்க் தான் முக்கியம்.

நத்தம்பொண்ணு (இரவு 7:52)

சார், நான் டாக்டருக்கு இல்ல, நர்சிங். இது கவர்மென்ட் பாண்டும் இல்ல, டிரஸ்ட். கட்டுரையைப் பார்த்துத்தான் இன்டர்வியூக்கே கூப்பிடுவாங்களாம்.

சேலம்அப்பா (இரவு 8:05)

ஓ, சரிம்மா. ஆனா போஸ்டிங் எப்ப தருவாங்கன்னு மட்டும் கேட்டு வச்சுக்கோ. அது எல்லா பாண்டுக்கும் பொதுதான்.

சட்டம்365 (இரவு 8:31)

தங்கச்சி, கவலையே வேண்டாம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 27. ஒருத்தர் தொழில் செய்யறதைத் தடுக்கிற எந்த ஒப்பந்தமும் செல்லாது. எந்த பாண்டும் கோர்ட்ல நிக்காது. கட்டுரையில அவங்க கேட்கிறதை அழகா எழுதிக் கொடு, பணத்தை வாங்கிப் படி, முடிச்சதும் உனக்குப் பிடிச்ச இடத்துக்குப் போ.

ஓய்வுபெற்றசிஸ்டர் (இரவு 9:18)

சட்டம் தம்பி சொன்னதை வேற யாராவது பார்த்துக்கட்டும். நான் கட்டுரைக்கு வர்றேன்.

நான் 31 வருஷம் நர்ஸ். அதுல 19 வருஷம் ஒரு மலை ஆஸ்பத்திரியில. கடைசி ஆறேழு வருஷம் இதே மாதிரி உதவித்தொகைக்கு வர்ற விண்ணப்பங்களைப் படிச்சுப் பிரிக்கிற மூணு பேர்ல நானும் ஒருத்தி. உன் டிரஸ்ட் எதுன்னு தெரியாது, தெரிஞ்சுக்கவும் வேண்டாம். படிக்கிறவங்க எல்லா இடத்துலயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஆளுங்கதான்.

மேஜையில அறுபது கவர் இருக்கும். அதுல நாற்பதுல மகேசன் சேவை இருக்கும். கோபம் வராது கண்ணு, அலுப்புதான் வரும். நாங்க தேடுறது நல்ல மனசை இல்ல. நர்சிங் படிக்க வர்ற பிள்ளைக்கு நல்ல மனசு இருக்கும்னு வச்சுக்கிறோம். "இவளுக்கு என்னத்துக்குக் கையெழுத்து போடுறோம்னு தெரியுமா? சேர்ந்து ஏழாவது மாசம் இங்கே இருப்பாளா?" இது மட்டும்தான் பென்சிலோட உட்கார்ந்திருக்கிறவங்க மனசுல ஓடும்.

ஏன் ஏழாவது மாசம்னா, புதுசா வர்ற பிள்ளைங்க முதல் மூணு மாசம் பயத்துல ஓட்டிடுவாங்க. அடுத்த மூணு மாசம் வேலை கத்துக்கிற ஆர்வத்துல போயிடும். அதுக்கப்புறம்தான் கூடப் படிச்சவ சென்னையில இருந்து போட்டோ அனுப்புறது கண்ணுல படும்.

இப்போ உன் வரி. "எங்கு அனுப்பினாலும், எத்தனை ஆண்டுகள் ஆனாலும், எந்தத் தயக்கமும் இன்றி." உனக்கு இதுதான் பலமான வரின்னு தோணும். எங்களுக்கு இதுதான் சந்தேகம் கிளப்புற வரி. ஒரு பிள்ளை இதே வார்த்தையில எழுதியிருந்தா. கிளை நிலையத்துக்குப் போட்டோம். மூணாவது நாள் அவ அப்பா ஆட்டோ பிடிச்சு மேல வந்து பெட்டியோட கூட்டிட்டுப் போயிட்டார். பொய் சொன்னான்னு சொல்ல மாட்டேன். அங்க ராத்திரி எப்படி இருக்கும்னு அவ ஒரு தடவைகூட நினைச்சுப் பார்க்கல, அவ்வளவுதான். தயக்கமே இல்லன்னு எழுதுறவ யோசிக்கலன்னுதான் அர்த்தம். "எனக்கு ரெண்டு தயக்கம் இருக்கு, அதுக்கு இப்படி வழி வச்சிருக்கேன்"னு எழுதினவளை இன்டர்வியூக்குக் கூப்பிடுவோம்.

அடுத்தது "எத்தனை ஆண்டுகள் ஆனாலும்". பாண்டு 2 வருஷம். அவங்க கேட்காததை நீ ஏன் கொடுக்கிற? ரெண்டு வருஷம்னு எழுது.

அப்புறம் அந்த "அறியாமை இருள்". அதை நாளைக்குச் சொல்றேன், கண்ணு எரியுது.

தோழர்_87 (இரவு 10:02)

சிஸ்டர் சொல்றது எல்லாம் சரி. ஆனா ஒரு கேள்வி. பணம் இருக்கிற வீட்டுப் பிள்ளை எந்தக் கட்டுரையும் எழுதாம, எந்த மலைக்கும் போகாம நர்ஸ் ஆயிடுது. லோடு ஆட்டோ ஓட்டுறவர் மகள் மட்டும் "நான் சேவை செய்வேன்"னு சத்தியம் பண்ணணுமா? மலைக்கு நர்ஸ் வேணும்னா நல்ல சம்பளம் கொடுங்க, தானா வருவாங்க. ஏழைப் பிள்ளைங்களோட கஷ்டத்தை வச்சு ஆள் பிடிக்கிறதுக்குப் பேர் சேவையா?

கோர்ட்வாசல் (இரவு 10:47)

சட்டம்365 சொன்னது பாதி சரி, ஆபத்தான பாதி. பிரிவு 27 முக்கியமா வேலையை விட்டுப் போன பிறகும் உன்னைத் தடுக்கிற நிபந்தனைக்குத்தான். "இத்தனை காலம் இங்க வேலை பார், இல்லன்னா இவ்வளவு கட்டு"ங்கிறது வேற விஷயம். 2019 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றம் மாநில அரசுகள் டாக்டர்கள்கிட்ட வாங்குற பாண்டைச் செல்லும்னு சொல்லிடுச்சு. 2025 மே மாசம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்குலயும் மூணு வருஷத்துக்குள்ள போனா 2 லட்சம் கட்டணுங்கிற நிபந்தனை செல்லும்னு தீர்ப்பு. ரெண்டுமே தனியார் டிரஸ்ட் வழக்கு இல்ல. இங்க அப்படியே பொருந்தும்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா "எந்த பாண்டும் நிக்காது"ன்னு நம்பிக் கையெழுத்து போடாதீங்க.

பிரிவு 74 தான் உனக்கு உதவுற இடம். பாண்டுல எவ்வளவு எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதுதான் கிடைக்கும், எழுதின தொகை உச்சவரம்பு மாதிரி. உனக்காகச் செலவு பண்ணின பணத்தைத் திருப்பிக் கேட்டா அதை நியாயமில்லன்னு வாதாடுறது கஷ்டம். அந்தக் கூடுதல் ஒரு லட்சத்தைப் பத்தி வேணா வாதாடலாம்.

இன்னொண்ணு. உனக்கு 18 ஆயிடுச்சா?

நத்தம்பொண்ணு (புதன், காலை 6:30)

இல்ல சார், நவம்பர்லதான் ஆகும்.

கோர்ட்வாசல் (காலை 8:15)

அப்படின்னா இப்போ நீ போடுற கையெழுத்துக்கே மதிப்பில்ல. 18 ஆகாதவங்க ஒப்பந்தம் போட முடியாது. அதனாலதான் அப்பாவையும் ஒரு ஜாமீன்தாரரையும் கேட்பாங்க, 18 ஆனதும் உன்கிட்ட மறுபடி வாங்குவாங்க. நாளைக்கு நீ விட்டுட்டு வந்தா அவங்க முதல்ல தட்டுற கதவு ஜாமீன் போட்டவரோடது. யார் போடப் போறாங்க?

நத்தம்பொண்ணு (காலை 8:22)

மாமா. சும்மா கையெழுத்துதான்னு அம்மா சொல்லியிருக்காங்க.

கோர்ட்வாசல் (காலை 8:24)

"சும்மா கையெழுத்து"ன்னு ஒண்ணு கிடையாது. மாமாகிட்ட பாண்டைப் படிச்சுக் காட்டச் சொல்லு. ஒரிஜினல் மார்க்‌ஷீட்டைக் கேட்டா பார்க்கக் கொடு, விட்டுட்டு வராதே.

ஓய்வுபெற்றசிஸ்டர் (காலை 11:05)

வக்கீல் தம்பி கேட்டது கட்டுரைக்கும் சம்பந்தம் உள்ளதுதான். வீட்ல யாருக்கும் தெரியாம எழுதின கட்டுரை எங்களுக்கு வாசனையிலயே தெரிஞ்சிடும்.

இப்போ அந்த "அறியாமை". மலையில பொம்பளைங்க வீட்லயே பிள்ளை பெத்துக்கிட்டா கீழ இருக்கிறவங்க சொல்றது, "அவங்களுக்குத் தெரியல". எனக்குத் தெரிஞ்சு அப்படி இல்ல. பஸ்ஸை விட்டா ஜீப் வாடகை கொடுக்கணும். புருஷனும் கூட வந்தா ரெண்டு பேர் கூலி போகும். வீட்ல இருக்கிற ரெண்டு சின்னதுகளை யார் பார்க்கிறது? பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனா "ஏன் லேட்டா வந்தே"ன்னு எல்லார் முன்னாலயும் ஒரு நர்ஸ் கத்துவா. இவ்வளவையும் கணக்குப் போட்டுட்டுத்தான் அவ வீட்லயே இருக்கா.

சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவுல சிட்டிலிங்கின்னு ஒரு பள்ளத்தாக்கு. 1993ல ஒரு டாக்டர் தம்பதி அங்க குடிசையில ஆஸ்பத்திரி ஆரம்பிச்சாங்க. அவங்க முதல்ல செஞ்ச வேலைகள்ல ஒண்ணு, அந்த ஊர்ப் பொண்ணுங்களுக்கே நர்ஸ் வேலையும் சுகாதார வேலையும் கத்துக் கொடுத்தது. கூடலூர்ல 1990ல ஆரம்பிச்ச ஆதிவாசி ஆஸ்பத்திரியிலயும் அப்படித்தான். உன்னை மாதிரி கீழ இருந்து வர்ற பிள்ளைக்கு எந்த வீட்டுல யார் மாசமா இருக்கான்னு சொல்றதே அந்தப் பொண்ணுங்கதான். அவங்களுக்கு நீ ஒளி கொடுக்கிறேன்னு எழுதினா, அந்தக் கவரைப் படிக்கிற மேஜையில அவங்கள்ல ஒருத்தியே உட்கார்ந்திருக்கலாம்.

அதை அடிச்சுட்டு, நீ உண்மையா பார்த்த ஒண்ணை எழுது. மலையோ கிராமமோ, ஆஸ்பத்திரிக்குப் போறது கஷ்டமா இருந்த ஒரு சம்பவம். பெருசா அழ வைக்கிறதா இருக்க வேண்டாம்.

லேப்_டெக்_ராஜா (மதியம் 1:30)

என் சஜஷன். கொஞ்சம் மெடிக்கல் வார்த்தை போட்டா வெயிட்டா இருக்கும். பாம்புக்கடிக்கு 20 நிமிஷ ரத்த உறைவு டெஸ்ட் பத்தி எழுதலாம். கண்ணாடி டியூப்ல 2 மில்லி ரத்தம் எடுத்து அசைக்காம 20 நிமிஷம் வச்சு, சாய்ச்சுப் பார்த்து உறையலன்னா விஷம் ஏறியிருக்குன்னு. மலை ஆஸ்பத்திரியில இது தினமும் வரும். பேனல் அசந்துடும்.

ஓய்வுபெற்றசிஸ்டர் (மதியம் 2:10)

டெஸ்ட் சரிதான் தம்பி. நானே நூத்துக்கணக்குல பார்த்திருக்கேன். ஆனா டியூப் சுத்தமான, காய்ஞ்ச கண்ணாடியா இருக்கணும். ஒரு புதுப் பிள்ளை பிளாஸ்டிக் டியூப்ல வச்சுட்டு ரத்தம் உறையலன்னு பதறி எல்லாரையும் எழுப்பி விட்டா. சோப்புல கழுவின டியூப்லயும் அதே கதை ஆகும். தினமும் வராது, மழைக்காலத்துலதான் அதிகம்.

பிளஸ் டூ பிள்ளை இதை எழுதினா யாரோ சொல்லிக் கொடுத்ததுன்னு பளிச்சுன்னு தெரியும். வேண்டாம்.

ஷார்ஜா_டயரி (மாலை 5:55)

இந்த இழையைப் பார்த்ததும் எழுதணும்னு தோணுச்சு. நான் பாண்டை முறிச்சவ. வேற மாவட்டம், பேர் வேண்டாம். 2 வருஷ பாண்டு, சிஸ்டர் சொன்ன மாதிரியே ஏழாவது மாசம் கிளம்பிட்டேன். படிச்சப்போ சிரிப்பு வந்துச்சு.

வேலை கஷ்டம்னு போகல. ராத்திரி ட்யூட்டியில வார்டும் லேபர் ரூமும் சேர்த்து நான் ஒருத்திதான். டாக்டர் குவார்ட்டர்ஸ்ல இருப்பார், போன் பண்ணா வருவார். ஆனா போன் பண்ணணுமா வேண்டாமான்னு முடிவு பண்றது நான். 22 வயசுல அந்த முடிவு ரொம்ப கனமா இருந்துச்சு. பண்ணா "இதுக்கா எழுப்பின", பண்ணலன்னா காலையில "ஏன் சொல்லல". அண்ணன் நிச்சயதார்த்தத்துக்கு லீவு கேட்டேன், மாத்தி விட ஆள் இல்லன்னாங்க. அன்னைக்கே மனசு விட்டுப் போச்சு. பணத்தை ஷார்ஜா வந்து ஒன்றரை வருஷத்துல கட்டி முடிச்சேன். என் கட்டுரையிலயும் "எங்கும் எப்போதும்" இருந்துச்சு.

தங்கச்சி, லீவு எத்தனை நாள், ராத்திரி எத்தனை பேர்னு சேர்றதுக்கு முன்னாடியே கேட்டுடு. எனக்கு அதைக் கேட்கலாம்னே தெரியாது.

ஓய்வுபெற்றசிஸ்டர் (மாலை 6:20)

இதுக்கு நான் உனக்கு நியாயம் சொல்ல மாட்டேன்மா. ராத்திரி ஒருத்தியை மட்டும் போட்டது அந்த ஆஸ்பத்திரியோட தப்பு. எங்க இடத்துலயும் சில வருஷம் அப்படித்தான் ஓடுச்சு, நானும்தான் ட்யூட்டி லிஸ்ட் போட்டேன்.

தோழர்_87 (மாலை 6:41)

இதைத்தான் நேத்தே சொன்னேன். ஆள் போதாத இடத்தைக் கட்டுரையால நிரப்பப் பார்க்கிறாங்க.

சேலம்அப்பா (மாலை 7:15)

தோழர், அப்படிப் பார்த்தா அந்தப் பொண்ணு படிக்கிறது எப்படி? நீங்க ஃபீஸ் கட்டுவீங்களா?

தோழர்_87 (மாலை 7:18)

அரசு கட்டணும்.

நத்தம்பொண்ணு (இரவு 9:40)

அரசு கட்டினா நல்லாத்தான் இருக்கும் அண்ணா. புதுமைப் பெண் மாசம் 1,000 வரும், அது பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் ஆகும். மிச்சத்துக்கு இதுதான் வழி.

நேத்து ராத்திரி உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். டிரஸ்ட் எனக்குக் கொடுக்கிறது நாலு வருஷத்துக்கு 4,40,000. பாண்டு சம்பளம் 14,000. திண்டுக்கல்ல தனியார்ல வேலை பார்க்கிற பக்கத்து வீட்டு அக்கா 17,000 வாங்குறாங்க. மாசம் 3,000 குறைச்சல், 24 மாசத்துக்கு 72,000. அவங்க ஹாஸ்டல் வாடகை வேற கொடுக்கிறாங்க, எனக்கு ரூம் இலவசம். அதனால எனக்கு இது கட்டுபடியாகுற பேரம்தான்னு தோணுது. இப்படி எழுதினா பேராசை பிடிச்சவன்னு நினைச்சுடுவாங்களா?

சிஸ்டர் கேட்ட சம்பவம் ஒண்ணு இருக்கு. சின்னதுதான். என் சித்தி சிறுமலை மேல எஸ்டேட்ல இருக்காங்க. ரெண்டாவது பிரசவத்துக்குத் தேதிக்கு 15 நாள் முன்னாடியே கீழ எங்க வீட்டுக்கு வந்துட்டாங்க. ராத்திரி வலி வந்தா 18 கொண்டை ஊசி வளைவு இறங்க வண்டி கிடைக்காதுன்னு. பெரிய பாப்பாவை மேலயே விட்டுட்டு வந்தாங்க. வந்த செலவுக்கு ரெண்டு ஆடு வித்தாங்க. தினமும் சாயங்காலம் பாப்பா என்ன பண்றாளோன்னு வாசல்ல உட்கார்ந்திருப்பாங்க. நல்லபடியா பொறந்துச்சு, ஒண்ணும் ஆகல. இது போதுமா? யாரும் சாகலியே.

ஓய்வுபெற்றசிஸ்டர் (இரவு 10:12)

அடி கண்ணு, இதுதான் வேணும்! யாரும் சாகாததாலதான் இது நல்லா இருக்கு. ஆபத்து வரல, ஆனா வராம இருக்க ஒரு குடும்பம் என்ன விலை கொடுத்ததுன்னு இருக்கு. மலை ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலதுல இதுக்குன்னே பிரசவக் காத்திருப்பு அறை வச்சிருக்காங்க. நாள் நெருங்கினவங்க முன்னாடியே வந்து தங்கிக்க. மேஜையில இருக்கிறவங்களுக்கு உன் சித்தி கதை படிச்ச உடனே புரியும்.

கணக்கையும் போடு. பேராசைன்னு நினைக்க மாட்டாங்க. உதவி வாங்குறவ மாதிரி எழுதினவங்க பாதியில போனதைப் பார்த்திருக்கேன். கடன் மாதிரி பார்த்தவங்கதான் நின்னாங்க. எல்லாரும் இல்ல, பெரும்பாலும்.

பாண்டுல மூணு விஷயத்தை போன்ல கேளு. ரெண்டு வருஷம் எந்தத் தேதியில இருந்து ஆரம்பிக்குது? ரிசல்ட் வந்து, நர்சிங் கவுன்சில்ல பதிவு பண்ணி நம்பர் வாங்க மாசக்கணக்குல ஆகும். அது வரைக்கும் நீ நர்ஸா வேலை பார்க்க முடியாது. அந்தக் காலம் கணக்குல வருமா? அவங்களே போஸ்டிங் கொடுக்கத் தாமதிச்சா எத்தனை மாசம் காத்திருக்கணும்? சேலம்காரர் சொன்னது இங்கதான் உதவும். நடுவுல எம்ஆர்பி பரீட்சையில தேறி அரசு வேலை ஆர்டர் வந்தா என்ன? மூணாவதைக் கேட்கக் கூச்சப்படாதே, நாலு வருஷம் கழிச்சு நிஜமா வரும்.

முடிஞ்சா ஒரு நாள் நேர்ல போயிட்டு வா. கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு பார்.

நத்தம்பொண்ணு (ஞாயிறு, இரவு 8:30)

போன் பண்ணேன். சேர்ற தேதியில இருந்துதான் ரெண்டு வருஷமாம். பதிவு நம்பர் வந்து 3 மாசத்துக்குள்ள அவங்க இடம் கொடுக்கலன்னா பாண்டு ரத்துன்னு சொன்னாங்க, ஆனா அது பேப்பர்ல இல்ல. எழுதிக் கொடுங்கன்னு கேட்டேன், பார்க்கிறோம்னாங்க. அரசு வேலை பத்திக் கேட்டதுக்கு "அப்போ பார்த்துக்கலாம்". ராத்திரி ரெண்டு நர்ஸ், கிளையில ஒருத்தர்தான்.

மாத்தி எழுதினதுல நடுப்பகுதி இது:

"என் சித்தி பிரசவத்துக்காகப் பதினைந்து நாள் முன்பே மலையிறங்கி வந்தார். ஆட்டை விற்றார், ஐந்து வயது மகளை விட்டுவிட்டு வந்தார். மேலே ஒரு நர்ஸ் இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பதினைந்து நாள் குறைந்திருக்கும். நான் படித்து வரும்போது செய்ய முடிகிற வேலை அந்த அளவுதான் என்று நினைக்கிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு ரூ. 4,40,000 எனக்காகச் செலவாகும். இரண்டு ஆண்டுகளில் வெளியே கிடைக்கக்கூடிய சம்பளத்தைவிட ஏறத்தாழ ரூ. 72,000 எனக்குக் குறையும். இதை நான் உதவியாக அல்ல, திருப்பித் தர வேண்டியதாகப் பார்க்கிறேன். இரண்டு ஆண்டும் முழுதாக வேலை செய்வேன். அதற்குப் பிறகு என்ன செய்வேன் என்று இப்போது எனக்குத் தெரியாது.

எனக்கு இரண்டு தயக்கங்கள் உண்டு. கிளை நிலையத்தில் இரவில் தனியாக இருக்கும்போது டாக்டரை எப்போது கூப்பிட வேண்டும் என்று முடிவெடுக்கப் பயமாக இருக்கிறது. முதல் ஆறு மாதம் பெரிய ஆஸ்பத்திரியில் இன்னொரு நர்ஸோடு வேலை செய்துவிட்டுப் பிறகு கிளைக்குப் போக அனுமதி கேட்கிறேன். இரண்டாவது, நான் வீட்டில் மூத்தவள். அம்மாவுக்கு முடியாமல் போனால் நான்தான் வர வேண்டும். அப்படி எடுக்கும் லீவு நாட்களை இரண்டு ஆண்டுக்குப் பிறகு சேர்த்து வேலை செய்து கொடுக்கிறேன்."

கோர்ட்வாசல் (இரவு 9:02)

3 மாச விஷயத்தை அவங்க எழுதித் தரலன்னா, நீயே ஒரு கடிதம் போடு. "இன்ன தேதி போனில் இப்படிச் சொன்னீர்கள்"னு. நகல் வச்சுக்கோ. ஒப்பந்தத்துல இல்லாதது இல்லாததுதான், இருந்தாலும் ஒண்ணுமில்லாததுக்கு இது மேல்.

சட்டம்365 (இரவு 9:20)

நான் சொன்னதை எல்லாரும் போட்டு அடிச்சுட்டீங்க. சரி, பிரிவு 74ஐ நான் பார்க்கல. ஆனா "அதற்குப் பிறகு எனக்குத் தெரியாது"ங்கிற வரியை எடுத்துடலாம். நெகட்டிவ்வா இருக்கு.

ஷார்ஜா_டயரி (இரவு 9:44)

எடுக்காதே.

ஓய்வுபெற்றசிஸ்டர் (இரவு 10:30)

நானும் எடுக்க வேண்டாம்னுதான் சொல்வேன். ஆனா பேனல்ல வயசான ஃபாதரோ டிரஸ்டியோ ஒருத்தர் இருந்தா முகம் சுளிப்பார், அதுக்குத் தயாரா இரு. எங்க மேஜையிலயே இதுக்கு மூணு பேருக்கு மூணு கருத்து வரும்.

ஆறு மாசம் கேட்டது ரொம்ப நல்லது. ஆனா "அனுமதி கேட்கிறேன்"ங்கிறதுக்குப் பதிலா "அப்படி வைத்தால் கிளைக்கு நான் இன்னும் பயன்படுவேன்"னு எழுது. அவங்களுக்கும் லாபம்னு தெரியட்டும். ஒரு வேளை முடியாதுன்னு சொன்னா வருவியா மாட்டியாங்கிறதையும் முடிவு பண்ணி வச்சுக்கோ. இன்டர்வியூல அதைத்தான் கேட்பாங்க.

கல்யாணம் பத்தியும் கேட்பாங்க. பையன்களைக் கேட்க மாட்டாங்க, பொண்ணுங்களைக் கேட்பாங்க. நானும் கேட்டிருக்கேன்.

தோழர்_87 (இரவு 10:41)

அது தப்பு சிஸ்டர்.

ஓய்வுபெற்றசிஸ்டர் (இரவு 10:50)

தப்புதான் தம்பி. மாமியார் வீடு ஒத்துக்கலன்னு போன பிள்ளைங்களைப் பார்த்துட்டு கேட்டோம். கேட்டதால யாரும் நின்னதும் இல்ல.

நத்தம்பொண்ணு (வியாழன், மாலை 7:05)

நேத்து அம்மாவோட மேல போயிட்டு வந்தேன். உள்ள விட்டாங்க. வார்டுல இருந்த அக்கா அந்த ஊர்க்காரங்கதான், டீ வாங்கிக் கொடுத்தாங்க. அவங்களும் இதே ஸ்காலர்ஷிப்ல படிச்சவங்களாம். கிளைக்கு முதல்லயே அனுப்பினாங்களான்னு கேட்டேன். "அனுப்பினாங்க, நாலு மாசம் அழுதேன், அப்புறம் பழகிடுச்சு"ன்னாங்க. அதைக் கேட்டு எனக்குத் தைரியம் வந்துச்சா பயம் வந்துச்சான்னே தெரியல.

மாமா பாண்டைப் படிச்சுட்டு ஜாமீன் போட மாட்டேன்னுட்டார். பெரியம்மா போடுறாங்க. அவங்க ஸ்கூல்ல ஆயா, நிரந்தர வேலை, அது போதும்னு டிரஸ்ட்ல சொன்னாங்க. பெரியம்மாவுக்கு வரிவரியா படிச்சுக் காட்டினேன். "நீ வராம போனா நான் கட்டணுமா"ன்னு கேட்டாங்க. ஆமான்னேன். அப்புறம்தான் போட்டாங்க.

இன்னைக்குக் காலையில ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பிட்டேன்.

ஓய்வுபெற்றசிஸ்டர் (மாலை 7:22)

நல்லது கண்ணு. கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

நத்தம்பொண்ணு (மாலை 7:25)

நாலு அம்பதுக்கு சிஸ்டர். விட்டுட்டோம். பால் வண்டியிலதான் இறங்கினோம்.